பிரச்சினையை எழுதும் மின்னஞ்சலில் செய்வினையா, செயப்பாட்டுவினையா?

ஒரு சிறிய பதிப்பகத்தில் அலுவலகக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சென்ற ஆண்டு ஒரு நாவலின் 500 பிரதிகள் அச்சகத்திலிருந்து வந்தன. அவற்றுள் 34 பிரதிகளில் ஒரு பாரம், அதாவது ஒன்றாக மடித்துக் கட்டும் பக்கங்களின் தொகுதி, மாறிக் கிடந்தது. நான் அச்சகத்துக்கு முதலில் அனுப்பிய மின்னஞ்சலில், "சில பிரதிகளில் பாரங்கள் தவறாக அடுக்கப்பட்டுள்ளன. விரைவில் ஆவன செய்யப்பட வேண்டும்" என்று எழுதினேன். அவர்களிடமிருந்து, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. இது கவனத்தில் கொள்ளப்படும்" என்று பதில் வந்தது. ஒன்பது நாள்கள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் பொறுமை இழந்து, "நீங்கள் புத்தகத்தையே கெடுத்துவிட்டீர்கள்" என்று எழுதினேன். அதன் பிறகு அச்சக உரிமையாளர் என் தொலைபேசி அழைப்பையே எடுக்கவில்லை. மூன்றாவதாக எழுதிய மின்னஞ்சலுக்கு மறுநாளே வேலை தொடங்கியது.

மூன்றிலும் சொன்ன செய்தி ஒன்றுதான். வினைச்சொற்கள்தான் வேறு. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்து, இப்படிப்பட்ட மின்னஞ்சலை முதன்முதலாக எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்காக, நான் இழந்த அந்த நாள்களை அவர்களும் இழக்காதிருக்க, என் வழிமுறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. எழுதுமுன் ஆவணங்களை மேசைமேல் வையுங்கள்

யார் செய்தார் என்று எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும்; ஆதாரம் இல்லாத இடத்தில் எந்த வினைச்சொல்லும் நிற்காது. எங்கள் விஷயத்தில் நான் எடுத்து வைத்தவை நான்கு: அச்சிடுமுன் நாங்கள் பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்பிய இறுதி மெய்ப்பு, அச்சகத்தின் டெலிவரி சலான், அவர்களுடைய பில், தவறான பிரதியின் நிழற்படங்கள்.

நிழற்படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நாவல் 240 பக்கங்கள் கொண்டது. பதினாறு பக்கங்கள் சேர்ந்த மடிப்பு ஒரு பாரம் என்றால், மொத்தம் 15 பாரங்கள். தவறான பிரதியைப் பிரித்தால் இடப்பக்கத்தில் 112ஆம் பக்கம் இருக்கும். எதிரே 113 இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் 97 இருக்கும். அந்த இரண்டாம் 112ஐத் தாண்டினால் நேராக 129. அதாவது 7ஆம் பாரம் இருமுறை கட்டப்பட்டு, 8ஆம் பாரம் அடியோடு இல்லை. 112உம் 97உம் எதிரெதிரே தெரியும்படி எடுத்த ஒரே படம், நான் எழுதிய எல்லா வாக்கியங்களையும்விட அதிக வேலை செய்தது.

கிடங்கில் எஞ்சியிருந்த பிரதிகளையெல்லாம் இருவர் உட்கார்ந்து 113ஆம் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்த்தோம். அதற்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. 20 தவறான பிரதிகள் எங்கள் கிடங்கிலேயே இருந்தன. முன்பதிவுப் பட்டியலை வைத்து வாசகர்களுக்குத் தொலைபேசியில் பேசியபோது, அனுப்பிய பிரதிகளில் 14 தவறானவை என்று தெரிந்தது. "சில பிரதிகள்" என்று முதல் மின்னஞ்சலில் எழுதியது நான் செய்த முதல் பிழை. எண் இல்லாத குறைக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

2. செய்தவரை நீங்கள் அறிவீர்களா, ஊகிக்கிறீர்களா என்று பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, நடந்ததை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கண்ணால் கண்டது, ஆவணத்தால் தெரிவது, நாமாக நினைப்பது.

எங்கள் விஷயத்தில் 113 முதல் 128 வரை பக்கங்கள் இல்லை என்பது கண்ணால் கண்டது. நாங்கள் ஒப்புதல் அளித்த மெய்ப்பில் அந்தப் பக்கங்கள் சரியான வரிசையில் இருந்தன என்பது ஆவணத்தால் தெரிவது. ஆகவே தவறு மெய்ப்புக்குப் பிந்தைய கட்டத்தில் நேர்ந்திருக்க வேண்டும். 466 பிரதிகள் சரியாக இருப்பதால், பக்கங்களை அமைத்ததில் பிழையில்லை, பாரங்களை அடுக்கியதில்தான் பிழை என்பதும் தெளிவாகிறது. ஆனால் அடுக்கியவர் அச்சகத்தின் ஆளா, அவர்கள் வெளியே கொடுத்த பைண்டிங் கடையின் ஆளா என்பது நான் ஊகித்தது மட்டுமே. ஊகத்தைச் செய்வினையில் எழுதினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற உண்மைகளையும் மறுக்கத் தொடங்கிவிடும். "கெடுத்துவிட்டீர்கள்" என்று நான் எழுதியதும் பேச்சே நின்றுபோனது.

இந்தப் பட்டியலில் உங்கள் பக்கத்துத் தவறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதிகள் வந்திறங்கிய அன்று கட்டுக்கு இரண்டு வீதம் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று வெளியீட்டு விழா அவசரத்தில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த 14 பிரதிகளில் சிலவாவது வாசகர் கைக்குப் போயிருக்காது.

3. ஒரே செய்தியை நான்கு வடிவங்களில் எழுதிப் பாருங்கள்

செயப்பாட்டுவினையில் எழுதினால் மென்மையாகிவிடும் என்று நாம் பள்ளியிலிருந்தே நம்பி வருகிறோம். தமிழில் அது பாதிதான் உண்மை. இந்த வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

அ. நீங்கள் பாரத்தை மாற்றிவிட்டீர்கள்.
ஆ. பாரம் மாற்றப்பட்டுள்ளது.
இ. பாரம் மாறிவிட்டது.
ஈ. 34 பிரதிகளில் 8ஆம் பாரம் இல்லை. அவ்விடத்தில் 7ஆம் பாரம் இரண்டாம் முறை உள்ளது.

முதலாவது செய்வினை. செய்தவரின் பெயரும் செயலும் நேராக நிற்கின்றன. இரண்டாவது செயப்பாட்டுவினை. பெயர் மறைந்துவிட்டது, ஆனால் யாரோ ஒருவர் செய்தார் என்ற நிழல் அப்படியே இருக்கிறது. 'படு' என்பது செய்தவரை மறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. சில வினைகளில் வேண்டுமென்றே செய்ததுபோன்ற தொனியும் அதனால் ஏறிவிடும். "அட்டை கிழிந்திருந்தது" என்றால் வண்டியில் வரும்போது கிழிந்திருக்கலாம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். "அட்டை கிழிக்கப்பட்டிருந்தது" என்றால் யாரோ கையால் கிழித்திருக்கிறார் என்று பொருள்படும். மென்மையாக்குவதாக எண்ணிக்கொண்டு, பெயர் சொல்லாமல் குற்றம் சாட்டியவராகிவிடுவீர்கள்.

உண்மையில் மென்மையாக்குவது மூன்றாவது வடிவம். மாற்று என்பதற்கு மாறு, உடை என்பதற்கு 'உடைந்தது', நனை என்பதற்கு 'நனைந்தது', சேர் என்பதற்கு 'வந்து சேர்ந்தது' என்று, செயல் தானே நிகழ்ந்ததுபோலச் சொல்லும் இணைவினை நம் மொழியில் பல செயல்களுக்கு உண்டு. இலக்கணம் இதைத் தன்வினை என்கிறது. செய்தவர் மட்டுமன்றிச் செய்தவரின் நிழலும் இதில் இல்லை. 'விட்டது' என்பதைச் சேர்த்தால், எண்ணாமல் நேர்ந்தது, வருந்தத்தக்கது என்ற குறிப்பும் கூடவே வந்துவிடுகிறது. உறவு முறியக்கூடாத இடத்தில், பணம் கேட்கத் தேவையில்லாத இடத்தில், இதுவே சரியான வடிவம்.

ஆனால் இழப்பீடு கேட்கும் மின்னஞ்சலில் மூன்றாவது வடிவம் உங்களையே தோற்கடிக்கும். "பாரம் மாறிவிட்டது" என்று நீங்களே எழுதிவிட்டால், தானாக மாறியதற்கு அவர்கள் ஏன் மாற்றுப் பிரதி தர வேண்டும்?

நான்காவதில் செயலே இல்லை. 'இல்லை', 'உள்ளது' என்று நிலை மட்டும் இருக்கிறது. குற்றச்சாட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை, ஆனால் மறுக்கவும் முடியாது. குறையை விவரிக்கும் பகுதிக்கு இப்போதெல்லாம் இந்த வடிவத்தையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

4. பிறரைப் பொறுப்பாக்க வேண்டிய மின்னஞ்சல்

பணம், கெடு, மறுவேலை ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்கப் போகிறீர்கள் என்றால் செய்வினை கட்டாயம் வேண்டும். ஆனால் அது கண்டனத்தில் வரக்கூடாது. ஆவணத்தால் நிறுவக்கூடிய செயலில் வர வேண்டும். 'கெடுத்தீர்கள்' என்பது தீர்ப்பு. 'அனுப்பினீர்கள்' என்பது சலானில் உள்ள உண்மை. பலன் தந்த என் மூன்றாம் மின்னஞ்சலின் உடல் இது:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> ஆகஸ்ட் 4 அன்று, இத்துடன் உள்ள சலானின்படி, எங்களுக்கு 500 பிரதிகள் அனுப்பினீர்கள். அனைத்தையும் சரிபார்த்தோம். 34 பிரதிகளில் 8ஆம் பாரம் (பக்கம் 113–128) இல்லை. அவ்விடத்தில் 7ஆம் பாரம் இரண்டாம் முறை உள்ளது. நாங்கள் ஒப்புதல் அளித்த மெய்ப்பில் பக்கங்கள் வரிசையாக உள்ளன, அதையும் இணைத்துள்ளேன். எனவே பாரங்களை அடுக்கும் கட்டத்தில் இது நேர்ந்திருக்கிறது.
>
> பிரதிகள் வந்த அன்றே நாங்கள் சோதித்திருக்க வேண்டும், சோதிக்கவில்லை. அதனால் 14 பிரதிகள் வாசகர்களுக்குச் சென்றுவிட்டன. அவர்களுக்குப் புதுப் பிரதி அனுப்பும் கூரியர் செலவு, பிரதிக்கு ரூ. 65 வீதம் ரூ. 910, எங்களுடையது.
>
> தாங்கள் 34 பிரதிகளைப் புதிதாகக் கட்டி, ஆகஸ்ட் 22 வெள்ளிக்குள் உங்கள் செலவில் அனுப்ப வேண்டுகிறேன். உங்களிடம் 8ஆம் பாரம் மிச்சமாக இருக்கிறதா என்று நாளை மாலைக்குள் தெரிவியுங்கள்.

இதில் எந்த வாக்கியம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் செய்ததாக உறுதியாகத் தெரிந்தது 'அனுப்பினீர்கள்' என்ற செய்வினையில் இருக்கிறது. குறை, 'இல்லை, உள்ளது' என்ற நிலைச் சொற்களில் இருக்கிறது. யார் கை என்று தெரியாத இடத்தில் மட்டும் 'நேர்ந்திருக்கிறது'. எங்கள் தவறு மறைக்கப்படாமல் 'நாங்கள்' என்ற எழுவாயோடு இருக்கிறது. கேட்பதும் செய்வினையில், நாளோடு இருக்கிறது.

மிச்சப் பாரத்தைப் பற்றிய கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. 34 பிரதிகளில் 8ஆம் பாரம் விடுபட்டிருந்தால், அந்த அளவு 8ஆம் பாரம் அடுக்கிய இடத்தில் எஞ்சியிருக்க வேண்டும். அதை அவர்களே போய்த் தேடிப் பார்த்தால், எங்கே தவறியது என்று நான் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது. மறுநாள் உரிமையாளரே அழைத்தார். "தம்பி, கட்டு கட்டா கிடக்கு. இதை மொதல்லயே இப்படி எழுதியிருந்தா முடிஞ்சிருக்குமே. அன்னைக்கு யாரை என்ன செய்யச் சொல்றீங்கன்னே புரியல" என்றார்.

5. உங்கள் தவறை எழுதும் மின்னஞ்சல்

அதே பிரச்சினையைப் பற்றி 14 வாசகர்களுக்கும் எழுத வேண்டியிருந்தது. இங்கே அச்சகத்தை இழுக்கக்கூடாது. வாசகர் பணம் கொடுத்தது எங்களிடம். பாரம் என்றால் என்ன என்று அவர் அறிய வேண்டியதும் இல்லை. நான் முதலில் எழுதிய வரைவு, "தங்களுக்கு அனுப்பப்பட்ட பிரதியில் சில பக்கங்கள் விடுபட்டிருப்பதாக அறியப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த அக்கா படித்துவிட்டு, "அனுப்பினது யாரு, அறிஞ்சது யாரு, சிரமத்தை ஏற்படுத்தினது யாரு? வருந்துறதுக்கு மட்டும்தான் ஆள் வந்திருக்கு" என்றார். அதன் பிறகு எழுதியது:

> உங்களுக்கு நாங்கள் அனுப்பிய பிரதியில் 113 முதல் 128 வரை பக்கங்கள் இல்லை. அனுப்புமுன் நாங்கள் சரிபார்க்கத் தவறிவிட்டோம், மன்னிக்க வேண்டுகிறோம். ஆகஸ்ட் 25 அன்று புதுப் பிரதியைக் கூரியரில் அனுப்புகிறோம். பழைய பிரதியை நீங்கள் திருப்பியனுப்ப வேண்டாம்.

சொந்தத் தவறை எழுதும்போது 'படு' வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அதைச் செய்தவர் நாமா என்று கேளுங்கள். நாம்தான் என்றால் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் வாக்கியம் சுருங்கவும் செய்யும்.

அனுப்பும் நாளை அச்சகத்துக்குக் கொடுத்த கெடுவிலிருந்து மூன்று நாள் தள்ளி வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் வாக்குறுதி செய்வினையில் இருக்கும்போது அது பிறர் கெடுவோடு ஒட்டி நிற்கக்கூடாது.

நாவலாசிரியருக்கு எழுதியது மூன்றாவது வகை. அவரிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் செலவும் இல்லை. "34 பிரதிகளில் ஒரு பாரம் மாறிவிட்டது, அவற்றை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம், 22ஆம் தேதிக்குள் புதுப் பிரதிகள் வரும்" என்று தன்வினையில் தொடங்கினேன். யார் தவறு என்று அவர் கேட்டால் சொல்லலாம். கேட்கவில்லை.

6. அடிக்கடி காலை வாரும் இடங்கள்

முதல் கண்ணி 'வில்லை'. 'அனுப்பினேன்', 'அனுப்பினீர்கள்' என்பவற்றில் ஆள் விகுதியிலேயே இருப்பதால் எழுவாயை விட்டாலும் பொருள் கெடாது. 'அனுப்பவில்லை' என்பதில் விகுதி ஆளைக் காட்டாது. "சென்ற வாரம் மெய்ப்பு அனுப்பவில்லை" என்று எழுதினால், நாங்கள் அனுப்பவில்லையா, நீங்கள் அனுப்பவில்லையா என்பது படிப்பவர் விருப்பத்துக்கு விடப்பட்டுவிடுகிறது. எதிர்மறையில் எழுவாயை எழுதியே தீருங்கள். மென்மையாகச் சொல்ல வேண்டுமானால் "மெய்ப்பு எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை" என்று பெறுபவரை முன்வைத்து எழுதுங்கள். அவர் அனுப்பி, வழியில் நின்றிருக்கலாம் என்ற இடம் அவருக்குக் கிடைக்கும்.

அடுத்தது 'ஆல்'. "எங்களால் பிரதிகள் சோதிக்கப்படவில்லை" என்று எழுதினால் பொறுப்பேற்றதாகவும் ஆகாது, தமிழாகவும் இராது. "எங்களால் சோதிக்க முடியவில்லை" என்பதோ வேறு பொருள், அது இயலாமை. செய்யத் தவறியதை இயலாமையாக எழுதினால் ஏன் இயலவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

'நாம்' என்பதும் கவனத்துக்குரியது. "நாம் கவனித்திருக்க வேண்டும்" என்றால் படிப்பவரும் அதில் அடங்குவார். சக ஊழியருக்கு எழுதும்போது அது ஆறுதல். வாடிக்கையாளருக்கு எழுதும்போது அவரையும் குற்றத்தில் சேர்ப்பது. அங்கே 'நாங்கள்' என்றே எழுத வேண்டும்.

7. கேட்பதைச் செயப்பாட்டுவினையில் எழுதாதீர்கள்

நடந்ததை எவ்வளவு மென்மையாக வேண்டுமானாலும் சொல்லலாம். இனி நடக்க வேண்டியதில் மென்மை வினைச்சொல்லில் இருக்கக்கூடாது, மரியாதைச் சொல்லில் இருக்க வேண்டும். "ஆவன செய்யப்பட வேண்டும்", "நடவடிக்கை எடுக்கப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்பவை சுற்றறிக்கை நடை. ஒரே ஆளுக்குப் போகும் மின்னஞ்சலில் அவற்றைப் படிப்பவர், வேறு யாரோ செய்வார் என்றுதான் எடுத்துக்கொள்வார். "தாங்கள் அனுப்ப வேண்டுகிறேன்" என்பதில் பணிவும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். கூடவே நாளும் கிழமையும் எழுதுங்கள். கிழமை எழுதினால் தேதிப் பிழையும் உடனே தெரிந்துவிடும்.

8. எப்போது அனுப்புவது, பதிலை எப்படிப் படிப்பது

குறை தெரிந்த அன்றே, எண்ணிக்கை முடியாவிட்டாலும், நிலைச் சொற்களில் மட்டும் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: "112க்குப் பிறகு 97 வரும் பிரதிகள் உள்ளன, எண்ணிக்கொண்டிருக்கிறோம், நாளை விவரம் அனுப்புகிறேன்." பொறுப்பைச் சுட்டும் முழு மின்னஞ்சலை மறுநாள் காலை எழுதுங்கள். கோபத்தில் வரும் 'நீங்கள்'களில் பாதி காலையில் தேவையற்றவையாகத் தெரியும். அச்சகம் போன்ற இடங்களுக்கு மாலை ஏழு மணிக்கு மேல் அனுப்பினால் மறுநாள் வேலை பிரித்துக் கொடுத்த பிறகுதான் படிப்பார்கள். காலை ஒன்பதரைக்குள் போய்ச் சேர்வது நல்லது.

பதில் வந்ததும் அதன் வினைச்சொற்களுக்கு அடிக்கோடிட்டுப் பாருங்கள். "22க்குள் அனுப்பிவிடுகிறோம்" என்றால் வேலை நடக்கும். "கவனிக்கப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்று வந்தால் ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள். "நன்றி ஐயா. இதை உங்கள் பக்கத்தில் யார் பார்க்கிறார்கள்? நான் அவரிடம் நேரடியாகப் பேசுகிறேன்" என்று அன்றே ஒரு வரி எழுதுங்கள்.